பேசி எழுதும் பதிவில் ‘கரை’ ஏன் ‘கறை’ ஆகிறது, எப்படித் திருத்துவது

கேள்வி: போனில் தமிழில் பேசியே பதிவு எழுதுகிறேன். ஊர் நினைவுகள்தான். வேகமாக வருகிறது, ஆனால் வெளியிட்ட பிறகு பார்த்தால் ‘வழி’ எல்லாம் ‘வலி’ என்று இருக்கிறது, புள்ளி ஒன்றுகூட இல்லை. இரண்டு மூன்று தடவை படித்துவிட்டுத்தான் போடுகிறேன், அப்படியும் தப்பிவிடுகிறது. எப்படிப் பேசினால் பிழை குறையும்? வந்த பிழையை எந்த வரிசையில் திருத்துவது?

பதில்:

மணிக்கட்டு வலி வந்த பிறகு நான்கு ஆண்டுகளாக நானும் பேசித்தான் எழுதுகிறேன். மூன்று தடவை படித்தும் பிழை தப்புகிறது என்கிறீர்களே, அதற்குக் காரணம் கவனக் குறைவு இல்லை. கையால் தட்டும்போது விழும் பிழையும் பேசும்போது விழும் பிழையும் வேறு வேறு வகை. விரல் தவறினால் ‘வழி’ என்பது ‘வழு’ என்றோ ‘வ்ழி’ என்றோ ஆகும். பெரும்பாலும் அது தமிழில் இல்லாத சொல்லாகவோ அந்த இடத்தில் துருத்திக்கொண்டு நிற்கும் சொல்லாகவோ இருக்கும். கண் அங்கே இடறும். பேச்சை எழுத்தாக்கும் செயலியோ, கேட்ட ஒலிக்குப் பொருந்துகிற சொற்களில் எது அங்கே வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டு ஒன்றை எழுதுகிறது. ஆகவே அது எழுதுவது அநேகமாக எப்போதும் ஒரு முழுமையான, சரியான தமிழ்ச் சொல். ஆனால் உங்கள் சொல் இல்லை. பிழைதிருத்தி அதற்கு அடிக்கோடு போடாது. நீங்களே சொன்ன வாக்கியம் என்பதால் மனமும் ‘வலியாக’ என்று இருப்பதை ‘வழியாக’ என்றே படித்துவிட்டுப் போகும்.

இதனால் மொத்தமாகத் திரும்பத் திரும்பப் படிப்பதில் பயன் குறைவு. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும் தேடிப் போனால்தான் அது அகப்படும். எந்தப் பிழையை வாயாலேயே தடுக்கலாம், எதைக் கண்ணால் மட்டுமே பிடிக்க முடியும் என்று பிரித்துக்கொண்டால் வேலை பாதியாகக் குறைகிறது.

பேசும் பக்கத்தை முதலில் சொல்கிறேன். போனில் கூகுள் விசைப்பலகையான Gboard வைத்திருந்தால், தமிழ் விசைப்பலகைக்கு மாறிய பிறகு மைக்கைத் தொடுங்கள். ஆங்கிலம் இருக்கும்போது தொட்டுவிட்டால் உங்கள் தமிழை ஆங்கிலச் சொற்களாக எழுத முயலும். கணினி என்றால் குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸைத் திறந்து `Tools` என்பதில் `Voice typing` என்பதைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது `Ctrl+Shift+S` அழுத்தலாம். மைக் படத்துக்கு மேலே மொழிப் பட்டியல் இருக்கும். அதில் தமிழ் ஒன்றாக இல்லாமல் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நான்காக இருக்கும். உங்கள் பேச்சு எந்த நாட்டுப் பேச்சோ அதையே தேர்ந்தெடுங்கள். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் இதைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் இந்தியா என்பதிலேயே பேசிக்கொண்டிருந்தார்.

பிழை குறைய வேண்டும் என்று பலரும் செய்வது, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல அழுத்தி உச்சரிப்பது. இது நிலைமையை மோசமாக்கும். செயலிக்கு உதவுவது பக்கத்துச் சொற்கள்தான். ‘வழி’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது வலியா, வழியா, வளியா என்று முடிவு செய்ய அதனிடம் ஒலியைத் தவிர வேறு எதுவும் இல்லை. ‘ஊருக்குப் போகிற வழி’ என்று ஒரே மூச்சில் சொன்னால் ‘ஊருக்கு’, ‘போகிற’ என்ற இரண்டும் சேர்ந்து அதைச் சரியான பக்கம் இழுக்கும். நீங்கள் பேசப் பேச முன்னால் எழுதிய சொல் தானாகவே மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் வந்த சொல்லை வைத்து முன்னால் உள்ளதைத் திருத்திக்கொள்கிறது. அதனால் ஒரு வாக்கியம் முடியும்வரை திரையைப் பார்க்காதீர்கள், நடுவில் நிறுத்தித் திருத்தவும் செய்யாதீர்கள். மனத்துக்குள் வாக்கியத்தை முழுதாக அமைத்துக்கொண்டு, எதிரே இருப்பவருக்குச் சொல்கிற வேகத்தில் ஒரே ஓட்டமாகச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

ஒன்றில் மட்டும் வழக்கத்தை மாற்ற வேண்டும். பேச்சில் நாம் சொல்லின் கடைசி மெய்யை விழுங்குகிறோம். ‘மரம்’ என்பதில் ம் மூக்கொலியாகக் கரைகிறது. ‘அவன்’ என்பதில் ன் கேட்பதே இல்லை. ‘வந்தாள்’, ‘வந்தால்’ இரண்டையும் பலர் ஒரே மாதிரிதான் முடிக்கிறோம். தமிழில் யார், எப்போது, உண்டா இல்லையா என்ற செய்தி முழுவதும் சொல்லின் கடைசியில்தான் இருக்கிறது. மேடையில் நின்று பேசுவதுபோலக் கடைசி எழுத்தை மட்டும் முழுதாக முடித்துச் சொல்லுங்கள். அதேபோல ‘வந்துட்டு இருந்தாங்க’ என்று பேசினால் ஒரு தடவை அப்படியே எழுதும், அடுத்த தடவை பாதியை எழுத்துத் தமிழாக மாற்றி எழுதும், இன்னொரு தடவை ‘வந்து விட்டு இருந்தாங்க’ என்று இரண்டும் கெட்டதாக எழுதும். பதிவு எழுத்துத் தமிழில் வர வேண்டும் என்றால் பேசும்போதே ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்று சொல்லிவிடுங்கள். பாட்டி பேசுவதுபோல உரையாடல் வேண்டுமென்றால் அந்த ஓரிரு வரியைக் கையால் தட்டுவதுதான் நல்லது. வட்டார வழக்கில் உள்ள சொற்களுக்கும் இதே கதிதான்.

இனி எழுத்துக்கள். ல, ள, ழ மூன்றும், ன, ண இரண்டும் நாக்கு வேறு வேறு இடத்தில் படுவதால் பிறக்கும் வேறு வேறு ஒலிகள். நீங்கள் வேறுபடுத்திச் சொன்னால் செயலிக்கும் ஓரளவு வேறுபாடு கேட்கும். வாயால் திருத்தக் கூடிய பிழை இது. ர, ற அப்படி இல்லை. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் இன்றைய பேச்சில் தனி ர, தனி ற இரண்டுக்கும் ஒரே ஒலிதான். ‘கரை’, ‘கறை’ இரண்டையும் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் காதுக்கு ஒன்றே. அரை, அறை, இரங்கு, இறங்கு, பொரி, பொறி, கரி, கறி எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். இவற்றைப் பேசும்போது தடுக்கவே முடியாது. எழுத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். எனவே ர, றவுக்காகத் தொண்டையை வருத்த வேண்டாம். அந்தக் கவனத்தை ழகரத்துக்கும் சொல்லின் கடைசிக்கும் கொடுங்கள்.

நிறுத்தக்குறி பற்றிக் கேட்டீர்கள். கூகுள் டாக்ஸில் புள்ளி, காற்புள்ளி ஆகியவற்றை வாயால் சொல்லி வரவைக்கும் வசதி ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு போன்ற சில மொழிகளுக்குத்தான் உண்டு. தமிழுக்கு இல்லை. ‘முற்றுப்புள்ளி’ என்று சொன்னால் அந்தச் சொல்லே எழுத்தாக வந்து உட்காரும். நான் செய்வது இதுதான்: ஒரு வாக்கியம் சொல்வேன், நிறுத்துவேன், விரலால் அடுத்த வரிக்குப் போவேன், அடுத்த வாக்கியம் சொல்வேன். புள்ளியைக்கூட அப்போது வைப்பதில்லை. ஒரு வரிக்கு ஒரு வாக்கியம் என்று நின்றுவிட்டால் பிறகு புள்ளி வைப்பது ஒரு நிமிட வேலை. இதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில் முடியும். வரிகளின் கடைசிச் சொல்லை மட்டும் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தால் ‘ஓடினோம்’, ‘இருந்தது’, ‘சொன்னார்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘சொல்லி இருந்தால்’ என்று ஒரு வரி முடிந்திருப்பது உடனே தெரியும். ‘இருந்தாள்’ அங்கே கெட்டிருக்கிறது. பத்தியாக இருந்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

இந்த முறையில் பேசாமல் ஏற்கெனவே ஒரே நீளமாகப் பேசிவிட்டீர்கள் என்றால் வினைமுற்றைத் தேடித்தேடி வரியை உடையுங்கள். ‘உம்’ என்று முடியும் வினையில் மட்டும் கவனம் தேவை. ‘ஓடும்’ என்பது ‘தண்ணீர் ஓடும்’ என்று வாக்கியத்தை முடிக்கவும் செய்யும், ‘ஓடும் தண்ணீர்’ என்று அடுத்த சொல்லோடு ஒட்டவும் செய்யும். தப்பான இடத்தில் புள்ளி வைத்தால் இரண்டு வாக்கியமும் அர்த்தமுள்ளதாகவே நிற்கும், ஆனால் நீங்கள் சொல்லாததைச் சொல்லும்.

ஊர்ப் பெயர், ஆள் பெயர் இவற்றுக்கு ஒரு உத்தி சொல்கிறேன். சிற்றூர்ப் பெயர்களைச் செயலி அநேகமாகச் சரியாகக் கேட்காது, கேட்டாலும் பத்து இடத்தில் பத்து விதமாக எழுதும். அதனால் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெயரை அதற்குப் பதிலாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரே தடவையில் மாற்றிவிடலாம். தமிழில் வேற்றுமை ஏறும்போது சொல்லின் வால் மாறுவதால் பதிலிப் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். திருவையாற்றுக்குப் பக்கத்தில் உள்ள திருப்பழனம் பற்றி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது ‘அம்’ என்று முடிகிறது, ‘திருப்பழனத்தில்’ என்று மாறும். அதே மாதிரி முடிகிற ‘சிதம்பரம்’ என்பதைப் பதிலியாக வைத்துக்கொண்டு ‘சிதம்பரத்தில்’, ‘சிதம்பரத்துக்கு’, ‘சிதம்பரத்திலிருந்து’ என்று இயல்பாகப் பேசுங்கள். முடிந்ததும் டாக்ஸில் `Ctrl+H` அழுத்தி, மாறாத பகுதியை மட்டும் கொடுங்கள்:

```
சிதம்பர → திருப்பழன
```

‘சிதம்பரம்’ திருப்பழனம் ஆகும், ‘சிதம்பரத்தில்’ திருப்பழனத்தில் ஆகும். முழுச் சொல்லான ‘சிதம்பரம்’ என்பதைத் தேடினால் வேற்றுமை ஏறிய இடம் ஒன்றுகூட அகப்படாது. ஊர் என்று முடிகிற பெயராக இருந்தால் வேலூரைப் பதிலியாக்கி ‘வேலூ’ வரை மட்டும் தேடுங்கள். அந்தப் பதிவில் உண்மையான சிதம்பரமோ வேலூரோ வராமல் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றும் பொத்தானை நான் பயன்படுத்தும் இடம் இது ஒன்றுதான்.

திருத்தும் பக்கத்துக்கு வருவோம். ஒரு உண்மையான பத்தியை வைத்தே பார்க்கலாம். ஆடிப்பெருக்கு பற்றி நான் எழுதிய பதிவிலிருந்து ஒரு துண்டு. என் வாயிலிருந்து வந்தது இது:

“ஆடிப் பதினெட்டு அன்று ஆற்றில் தண்ணீர் கரை புரண்டு ஓடியது. பாட்டி வந்தால்தான் படித்துறைக்குப் போக வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். நாங்கள் ஐந்தாறு பேர் வாழைத் தோப்பு வழியாக ஓடினோம். படியில் வாழை இலை போட்டு, காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு எல்லாவற்றையும் பாட்டி எடுத்து வைத்தாள். ஆழத்துக்குப் போக வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.”

திரையில் வந்தது இது:

“ஆடி 18 அன்று ஆற்றில் தண்ணீர் கறை புரண்டு ஓடியது பாட்டி வந்தாள் தான் படித்துறைக்கு போக வேண்டும் என்று அம்மா சொல்லி இருந்தால் நாங்கள் 56 பேர் வாழை தோப்பு வலியாக ஓடினோம் படியில் வாழை இல்லை போட்டு காதோலை கருகும் மணி மஞ்சள் கயிறு எல்லாவற்றையும் பாட்டி எடுத்து வைத்தாள் ஆழத்துக்கு போக வேண்டும் என்று மட்டும் சொன்னாள்”

பாருங்கள், ஒரு சொல்கூடத் தமிழில் இல்லாத சொல் இல்லை. பிழைதிருத்தி ஒன்றையும் காட்டவில்லை. ஆனால் ஐந்தாறு குழந்தைகள் ஐம்பத்தாறு பேர் ஆகிவிட்டார்கள், குழந்தைகளை ஆழத்துக்குப் போகச் சொல்கிற பாட்டி ஒருத்தி வந்துவிட்டாள்.

நான் முதலில் தேடுவது உண்மையைக் கெடுக்கும் பிழையைத்தான். எழுத்துப் பிழையை வாசகர் மன்னித்துவிட்டுச் சரியாகப் படித்துக்கொள்வார். 56 பேர் என்பதை அவரால் திருத்திப் படிக்க முடியாது. நம்பிவிடுவார். ஆகவே முதல் சுற்றில் எண்களையும், ‘வேண்டும், வேண்டாம்’ வரும் இடங்களையும், ‘இல்லை’ வரும் இடங்களையும் மட்டும் பார்க்கிறேன். எண் வந்த ஒவ்வொரு இடத்திலும் நின்று, நான் அங்கே எண்ணைத்தான் சொன்னேனா என்று கேட்டுக்கொள்கிறேன். ‘நாலைந்து’, ‘ஐந்தாறு’, ‘ஏழெட்டு’ என்று தோராயமாகச் சொல்வது இரண்டு இலக்கமாக ஒட்டிக்கொண்டு வரும். ‘ஆறு’ என்ற சொல் நதியாக இருந்தாலும் ‘6’ என்று வரும். ‘காவிரி 6’ என்று ஒரு தடவை வெளியிட்டே விட்டேன். ‘ஒன்றரை’, ‘இரண்டேகால்’ போன்ற பின்னங்கள் உடைந்துவிடும். சமையல் குறிப்போ மருந்து அளவோ எழுதுகிறவர்கள் அளவுகளைப் பேசவே வேண்டாம், கையால் தட்டிவிடுங்கள்.

‘இல்லை’ ஏன் என்றால், ‘இலை’க்கும் ‘இல்லை’க்கும் இடையே இருப்பது ஒரு ல் மட்டுமே. வேகமாகப் பேசினால் ஒற்றை ஒலிக்கும் இரட்டை ஒலிக்கும் வேறுபாடு மங்கிவிடுகிறது. ‘இல்லை’ மிகவும் அடிக்கடி வரும் சொல் என்பதால் சந்தேகம் வந்தால் செயலி அந்தப் பக்கம் சாயும்.

இந்த முதல் சுற்றை மட்டும் பேசிய அன்றே முடித்துவிட வேண்டும். எதைச் சொன்னோம் என்பது இரண்டு நாளில் மறந்துவிடும். மறந்த பிறகு திரையில் இருப்பதுதான் நாம் சொன்னது என்று தோன்றும். பதிவு நீளமானது என்றால் பக்கத்தில் இன்னொரு போனை வைத்துக் குரலைப் பதிவு செய்துகொள்கிறேன். ஒரே போனில் இரண்டையும் செய்ய முயன்றால் மைக்கை ஏதாவது ஒரு செயலிதான் எடுத்துக்கொள்ளும், பதிவு பாதியில் மௌனமாகிவிடும். சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் அந்த ஒலியைப் போட்டுக் கேட்டால் போதும்.

இரண்டாம் சுற்று ஒலி ஒத்த சொற்களுக்கு. இங்கே படிப்பதில்லை, தேடுகிறேன். டாக்ஸிலோ வேறு எதிலோ `Ctrl+F` போட்டு என் பட்டியலில் உள்ள சொற்களை ஒவ்வொன்றாகக் கொடுக்கிறேன். பட்டியல் நீளமாக வேண்டாம். உங்கள் பழைய பதிவுகள் பத்தை எடுத்து எந்தச் சொற்கள் கெட்டிருக்கின்றன என்று பாருங்கள். ஒருவருடைய வாய்க்கு ஒரே பிழைகள்தான் திரும்பத் திரும்ப வரும். என்னுடைய பட்டியலில் கரை கறை, வழி வலி, மனம் மணம், பனி பணி, வேலை வேளை, அறை அரை, ஒலி ஒளி போன்ற பதினான்கு சோடிகள்தான் இருக்கின்றன. சோடியில் இரண்டையும் தேட வேண்டும். ‘மணம்’ மனம் ஆவதும் உண்டு, ‘மனம்’ மணம் ஆவதும் உண்டு.

தேடும்போது முழுச் சொல்லைக் கொடுக்காதீர்கள் என்று மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். ‘மணம்’ என்று தேடினால் ‘மணத்தை’, ‘மணத்தோடு’ அகப்படாது. ‘மண’ என்று தேடுங்கள். ‘மணல்’, ‘மணவறை’ எல்லாம் கூடவே வரும், பரவாயில்லை, கடந்து போய்விடலாம். இதே காரணத்தால்தான் ஒரே தட்டில் மாற்றும் பொத்தான் இங்கே ஆபத்து. ‘வலி’ முழுவதையும் ‘வழி’ ஆக்கினால் ‘வலிமை’ ‘வழிமை’ ஆகிவிடும், பாட்டியின் முழங்கால் வலியும் வழியாகிவிடும். அதுவரை தமிழில் இல்லாத சொல் ஒன்றை நீங்களே உருவாக்கியிருப்பீர்கள்.

பெயர்ச்சொற்களுக்கு அப்பால் ஒரே ஒரு வினைச் சோடியைக் கட்டாயம் பட்டியலில் சேருங்கள். ‘தால்’ என்றும் ‘தாள்’ என்றும் தேடுங்கள். ‘வந்தால், வந்தாள்’, ‘செய்தால், செய்தாள்’, ‘இருந்தால், இருந்தாள்’ எல்லாம் இதில் வந்துவிடும். பிறகு ‘னால்’, ‘னாள்’. மேலே உள்ள பத்தியில் ‘பாட்டி வந்தாள் தான் படித்துறைக்கு போக வேண்டும்’ என்று இருக்கிறதே, அதில் நிபந்தனையே காணாமல் போய்விட்டது. பெண்களைப் பற்றி அதிகம் எழுதும் பதிவில் இந்தப் பிழை பத்தியில் ஒன்றாவது இருக்கும். ‘சொன்னார்’, ‘வந்தார்’ என்று மரியாதை வடிவத்தில் எழுதுவது உங்களுக்கு இயல்பென்றால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

மூன்றாம் சுற்று ஒற்றும் சொல் பிரிப்பும். ‘படித்துறைக்கு போக’, ‘வாழை தோப்பு’, ‘அதை பற்றி’ என்று வல்லின ஒற்று விட்டுத்தான் பெரும்பாலும் வரும். இலக்கண நூலில் உள்ள விதி அத்தனையையும் வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். ‘ஐ’ உருபு, ‘கு’ உருபு, அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி ஆகியவற்றுக்குப் பின்னால் க, ச, த, ப வந்தால் ஒற்றுப் போடுங்கள். ஒரு சாதாரணப் பதிவில் விடுபட்டதில் பெரும்பகுதி இதில் சரியாகிவிடும். சில இடங்களில் ஒற்றால் பொருளே மாறும். ‘வேலை கொடுத்தான்’ என்றால் உத்தியோகம் கொடுத்தான், ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் கையில் இருந்த வேலாயுதத்தையும் கொடுத்திருக்கலாம்.

சொல் பிரிப்பில் எனக்கு ஒரு கருத்து உண்டு. ‘வந்து கொண்டு இருந்தது’ என்று பிரிந்து வந்ததை எல்லாம் சேர்த்துக்கொண்டிருந்தால் அரை மணி போய்விடும். பொருள் மாறுகிற இடங்களை மட்டும் கட்டாயம் சேருங்கள். அதில் முதலிடம் ‘தான்’. ‘அப்போதுதான் வந்தான்’ என்றால் அதற்கு முன்னால் வரவில்லை என்று பொருள். ‘அப்போது தான் வந்தான்’ என்று பிரிந்தால் அவனே வந்தான் என்பதுபோல நிற்கும். ‘தான்’ என்று தேடி, முன்னால் இடைவெளி இருக்கிற ஒவ்வொன்றையும் பாருங்கள். அப்புறம் ‘வில்லை’. ‘வர வில்லை’, ‘முடிய வில்லை’ என்று பிரிந்து வந்தால் வில்லைத்தான் கண் முதலில் பார்க்கும்.

கடைசிச் சுற்று காதுக்கு. போனிலேயே எழுத்தைப் படித்துக் காட்டும் வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அமைப்புகளின் அணுகல்தன்மைப் பகுதியில் `Select to Speak` என்று இருக்கும். தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பதிவைப் படிக்க விடுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காமல் கேட்க வேண்டும் என்பது முக்கியம். கண் நிரப்பிக்கொண்டு போகிற ஓட்டையைக் காது நிரப்பாது. இரண்டு தடவை வந்துவிட்ட சொல், விட்டுப்போன சொல், ‘கருகும் மணி’ போன்ற உடைசல், புள்ளி இல்லாமல் ஒட்டிய வாக்கியம் எல்லாம் கேட்டவுடன் தெரியும். ‘போக வேண்டும் என்று மட்டும் சொன்னாள்’ என்பதை முதல் சுற்றில் விட்டிருந்தாலும் இங்கே பிடித்துவிடலாம். ஆனால் ‘கரை’, ‘கறை’ இதில் தெரியாது. இரண்டையும் அந்தக் குரலும் ஒரே மாதிரிதான் சொல்லும். கேட்டுப் பார்த்தாயிற்றே என்று இரண்டாம் சுற்றை விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நேரம் பற்றி: முந்நூறு சொல் பதிவு ஒன்றைப் பேச எனக்கு நான்கைந்து நிமிடம் ஆகிறது, திருத்த ஏறக்குறைய பதினைந்து நிமிடம். தொடக்கத்தில் நாற்பது நிமிடம் ஆனது, காரணம் எல்லாப் பிழையையும் ஒரே நேரத்தில் தேடினேன். இன்றும் அவசரமாகப் போட வேண்டியிருந்தால் எண், வேண்டும் வேண்டாம், பெயர்கள், தால் தாள் இந்த நான்கை மட்டும் பார்த்துவிட்டுப் போடுகிறேன். ஒற்று இரவில் வந்து திருத்திக்கொள்ளலாம்.

திருத்தியதைப் பதிவிடும் பெட்டியில் ஒட்டிய பிறகு ஒரு தடவை அங்கேயும் பாருங்கள். வரிக்கு ஒரு வாக்கியமாகப் பேசியதால் வரிகளைச் சேர்த்துப் பத்தியாக்க மறந்திருப்போம். சேர்த்த இடத்தில் இடைவெளி விழாமல் ‘ஓடினோம்.படியில்’ என்று ஒட்டியிருக்கும். முதல் மூன்று நான்கு வரிகளை மட்டும் சொல் சொல்லாக, விரல் வைத்துப் படித்துவிடுங்கள். முழுப் பதிவையும் திறப்பதற்கு முன்னால் எல்லாருக்கும் தெரிவது அவ்வளவுதான்.